இரவு 2 மணி வேலை காலை 7:30க்கு: டாக்கரும் கிரானும் பார்க்கும் கடிகாரம்

கிரான் என்பது லினக்ஸ் கணினிகளில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, தன் பட்டியலைப் பார்த்து, அந்த நிமிடத்துக்கு உரிய வேலை இருந்தால் தொடங்கி வைக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதல் எண் நிமிடம், இரண்டாவது மணி, அடுத்தவை தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி இருந்தால் ‘எதுவானாலும் சரி’ என்று பொருள். `0 2 * * *` என்றால் தினமும் 2 மணி 0 நிமிடம். அது எந்த ஊர் 2 மணி என்பதை மட்டும் இந்த வரி சொல்வதில்லை. கிரான் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறதோ, அந்த மண்டலத்தின் 2 மணி.

டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும் கிரானுக்கு அந்த மண்டலம் பெரும்பாலும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. எனவே இரவு 2 மணிக்கு என்று எழுதிவைத்த வேலை இந்தியாவில் காலை 7:30க்கு நடக்கும். நள்ளிரவுக்கு என்று எழுதியது அதிகாலை 5:30க்கு நடக்கும். கிரான் பிழை எதையும் காட்டாது, ஏனென்றால் அதன் கணக்கில் வேலை சரியான நேரத்தில்தான் நடந்திருக்கிறது.

இதன் காரணம், லினக்ஸ் நேரத்தை இரண்டு அடுக்குகளாக வைத்திருப்பதில் இருக்கிறது. அடியில் இருக்கும் கர்னலுக்கு ஊரும் தெரியாது, மண்டலமும் தெரியாது. 1970 ஜனவரி 1, யூ.டி.சி. நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடிகள் ஆயின என்ற ஒரே எண்ணைத்தான் அது வைத்திருக்கிறது. அந்த எண்ணை ‘மார்ச் 4, காலை 7:30’ என்று மாற்றுவது மேல் அடுக்கில் உள்ள நிரல்களின் வேலை. அவை முதலில் `TZ` என்ற சூழல் மாறி இருக்கிறதா என்று பார்க்கின்றன. இல்லையென்றால் `/etc/localtime` என்ற கோப்பைப் படிக்கின்றன. அதுவும் இல்லையென்றால் யூ.டி.சி. என்று எடுத்துக்கொள்கின்றன.

கன்டெய்னர் கர்னலைத் தாய்க் கணினியோடு பகிர்ந்துகொள்கிறது. அதனால் வினாடிக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.6 நேரத்துக்கென்று ஒரு தனித் தடுப்பைக் கொண்டுவந்தது. அதுவும் கணினி தொடங்கியதிலிருந்து ஓடும் கடிகாரங்களை மட்டுமே பிரிக்கிறது, நாள்காட்டி நேரத்தைத் தொடுவதில்லை. ஆனால் கோப்புகளைக் கன்டெய்னர் பகிர்வதில்லை. அதற்குள் இருக்கும் `/etc/localtime` இமேஜோடு வந்தது, அல்லது வரவே இல்லை. இமேஜைக் கட்டுபவருக்கு அது மதுரையில் ஓடுமா, டொராண்டோவில் ஓடுமா என்று தெரியாது. அந்த நிலையில் யூ.டி.சி.தான் நேர்மையான தேர்வு. தாய்க் கணினியை இந்திய நேரத்துக்கு அமைத்தவர் உள்ளேயும் அதே நேரம்தான் என்று நம்பிவிடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

மொத்த மளிகை வியாபாரம் ஒன்றின் கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். முன்பு அது நேரடியாக ஒரு சர்வரில் ஓடியது. சர்வர் இந்திய நேரத்தில் இருந்தது. கிரான் பட்டியலில் மூன்று வரிகள்:

```
0 2 * * *    /opt/kanakku/backup.sh
30 0 * * *   /opt/kanakku/virpanai.sh
0 2 1 * *    /opt/kanakku/maatham.sh
```

முதலாவது இரவு 2 மணிக்குத் தரவுத்தளத்தை நகலெடுத்து, அன்றைய தேதியைக் கோப்பின் பெயரில் சேர்க்கிறது. இரண்டாவது நள்ளிரவு 12:30க்கு, முந்தைய நாள் விற்பனையைத் தொகுத்து முதலாளிக்கு அனுப்புகிறது. மூன்றாவது ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, வாடிக்கையாளர்களின் மாதக் கணக்கை முடிக்கிறது. மென்பொருளை டெபியன் இமேஜ் ஒன்றில் வைத்து டாக்கருக்கு மாற்றும்போது, இந்தப் பட்டியலும் ஓர் எழுத்து மாறாமல் உள்ளே போகிறது.

முதல் அறிகுறி கடையில் தெரியும். காலை 7:30க்கு லாரிகளில் சரக்கு ஏற்றி பில் போடும் நேரத்தில் மென்பொருள் தடுமாறும். அப்போதுதான் காப்புநகல் எடுக்கும் வேலை தரவுத்தளம் முழுவதையும் படித்துக்கொண்டிருக்கும். விற்பனைத் தொகுப்பு 12:30க்குப் பதிலாகக் காலை 6 மணிக்கு வரும். அதிலுள்ள தேதி சரியாக இருப்பதால், அஞ்சல் தாமதம் என்று நினைத்து விட்டுவிடவும் கூடும்.

காரணம் மண்டலம்தானா என்று பார்க்க இரண்டு கட்டளைகள் போதும். ஒன்றைத் தாய்க் கணினியிலும் மற்றதைக் கன்டெய்னருக்குள்ளும் ஓட்ட வேண்டும்:

```
$ date
Tue Mar  4 07:30:12 IST 2025
$ docker exec kanakku date
Tue Mar  4 02:00:12 UTC 2025
```

இரண்டிலும் `date +%s` கேட்டால் ஒரே வினாடி எண் வரும். கடிகாரம் பிசகவில்லை என்பதற்கு அதுவே சான்று. இந்தியாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நேர வித்தியாசத்தில் அரை மணி இருப்பதால், தவறு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். முழு மணிக்கு எழுதிய வேலை ஒவ்வொரு நாளும் சரியாக 30 நிமிடம் கடந்து நடந்தால், வேறெங்கும் தேடும் முன் மண்டலத்தைப் பார்ப்பது நல்லது. சிங்கப்பூரின் வித்தியாசம் முழுதாக 8 மணி நேரம். அங்கே நிமிடம் எதையும் காட்டிக்கொடுக்காது.

பலரும் முதலில் செய்யும் திருத்தம், ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து எழுதுவது. இரவு 2:00 என்பது யூ.டி.சி.யில் முந்தைய நாள் 20:30. நள்ளிரவு 12:30 என்பது முந்தைய நாள் 19:00.

```
30 20 * * *   /opt/kanakku/backup.sh
0 19 * * *    /opt/kanakku/virpanai.sh
```

இப்போது வேலைகள் இந்திய நேரப்படி சரியாகத் தொடங்குகின்றன. ஆனால் கணக்கு தவறுகிறது. மார்ச் 5, நள்ளிரவு 12:30க்கு விற்பனைத் தொகுப்பு ஓடுகிறது என்று கொள்வோம். கன்டெய்னருக்குள் அது இன்னும் மார்ச் 4, 19:00 மணிதான். நிரல் `date -d yesterday +%F` என்று ‘நேற்று’ எது எனக் கேட்டால், வரும் விடை மார்ச் 3. முதலாளிக்கு 4ஆம் தேதி விற்பனை வர வேண்டிய இடத்தில் 3ஆம் தேதி விற்பனை வருகிறது. காப்புநகலும் அப்படியே: 5ஆம் தேதி அதிகாலையில் எடுத்த நகல் 4ஆம் தேதி என்ற பெயரோடு சேர்கிறது. திருத்துவதற்கு முன்பு இந்தத் தேதிகள் சரியாக இருந்தன. திருத்திய பிறகுதான் தவறாயின. நேரம் சரியானதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுபவர் கண்ணில் இது படாது. இந்தியாவில் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5:30 வரை யூ.டி.சி.யின் தேதி முந்தைய நாள். இரவு வேலைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

மூன்றாவது வரியைக் கழித்தல் கணக்கால் சரிசெய்யவே முடியாது. இந்தியாவில் 1ஆம் தேதி இரவு 2 மணி என்றால், யூ.டி.சி.யில் முந்தைய மாதத்தின் கடைசி நாள் 20:30. கடைசி நாள் 28 ஆகலாம், 29, 30, 31 ஆகலாம். ‘மாதத்தின் கடைசி நாள்’ என்று சொல்ல வழக்கமான கிரானில் எழுத்துமுறை இல்லை. 28 முதல் 31 வரை எல்லா நாளும் ஓடவிட்டு, நாளை 1ஆம் தேதியா என்று நிரலுக்குள் சோதிக்கலாம். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அதைப் படிப்பவர் பாடு சிரமம். கிழமைகளிலும் இதே சிக்கல் உண்டு. திங்கள் அதிகாலை 2 மணி வேலைக்கு, பட்டியலில் ஞாயிறு என்று எழுத வேண்டும்.

ஆக, இங்கே சரிசெய்ய வேண்டிய நேரங்கள் இரண்டு. கிரான் எந்த நேரத்தைப் பார்த்து வேலையைத் தொடங்குகிறது என்பது ஒன்று. தொடங்கிய வேலை இன்று என்ன தேதி என்று நினைக்கிறது என்பது மற்றொன்று. பரவலாகச் சொல்லப்படும் தீர்வுகளில் பல, இவற்றில் ஒன்றை மட்டும் சரிசெய்கின்றன.

கன்டெய்னரைத் தொடங்கும்போது `-e TZ=Asia/Kolkata` என்று கொடுப்பது அவற்றுள் மிக எளியது. டெபியன் இமேஜில் கிரான் முதன்மை நிரலாக ஓடினால், அது இந்த மாறியைப் பெற்று இந்திய நேரப்படி வேலையைத் தொடங்கும். ஆனால் டெபியனின் கிரான், தான் தொடங்கும் வேலைகளுக்குத் தன் சூழல் மாறிகளைக் கொடுப்பதில்லை. முகப்பு அடைவு, பயனர் பெயர், ஷெல், நிரல்களைத் தேடும் பாதை போன்ற சிலவற்றை மட்டும் புதிதாக அமைத்துத் தருகிறது. எனவே வேலை `TZ` இல்லாமல் தொடங்கி, `/etc/localtime` கோப்பைப் பார்த்து, யூ.டி.சி.க்கே திரும்பிவிடுகிறது. விளைவு, கழித்தல் கணக்கில் வந்த அதே தேதித் தவறு. சோதிப்பவரை ஏமாற்றும் ஒன்றும் இதில் உண்டு: `docker exec` வழியாக ஓடும் `date` கட்டளைக்குக் கன்டெய்னரின் மாறிகள் கிடைக்கும். அது இந்திய நேரத்தைக் காட்டும். அதே நொடியில் கிரான் தொடங்கிய வேலை யூ.டி.சி.யைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறு, கிரான் பட்டியலின் தலைப்பில் `TZ=Asia/Kolkata` என்று எழுதுவது. டெபியனின் கையேடே இதை வெளிப்படையாக எச்சரிக்கிறது: பட்டியலில் எழுதும் `TZ`, ஓடும் கட்டளைகளை மட்டுமே பாதிக்கும், அவை தொடங்கும் நேரத்தைப் பாதிக்காது. இப்படிச் செய்தால் தேதி இந்தியாவுடையது, தொடங்கும் நேரம் யூ.டி.சி.யுடையது. ரெட் ஹேட் குடும்பத்தில் உள்ள குரோனி என்ற கிரான் வகையில் `CRON_TZ` என்ற மாறி இருக்கிறது. அது தொடங்கும் நேரத்தை மாற்றும். டெபியனின் வழக்கமான கிரான் அதை அறியாது. சாதாரண மாறி என்று எண்ணி, பிழை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். இணையத்தில் படித்த ஒரு வரி ஒரு சர்வரில் வேலை செய்து, மற்றொன்றில் செய்யாமல் போவதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம்.

இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய, மண்டலத்தைக் கோப்பாகவே இமேஜுக்குள் வைக்க வேண்டும். டெபியன் இமேஜுக்கு:

```
ENV TZ=Asia/Kolkata
RUN apt-get update \
 && DEBIAN_FRONTEND=noninteractive \
    apt-get install -y cron tzdata \
 && ln -snf /usr/share/zoneinfo/$TZ /etc/localtime \
 && echo $TZ > /etc/timezone
```

இதில் `tzdata` என்ற பொதிதான் முக்கியம். உலகின் எல்லா நேர மண்டலங்களின் விதிகளும் அதில் இருக்கின்றன. இமேஜைச் சிறிதாக வைக்க வேண்டும் என்பதால், ஆல்பைன், உபுண்டு ஆகியவற்றின் அடிப்படை இமேஜ்களில் அது சேர்க்கப்படுவதில்லை. அது இல்லாமல் `TZ=Asia/Kolkata` என்று மட்டும் கொடுத்தால், உபுண்டுவில் ஒரு விசித்திரம் நடக்கும். அந்தப் பெயரில் கோப்பு கிடைக்காததால், ‘Asia’ என்ற எழுத்துகளை மண்டலத்தின் சுருக்கப்பெயர் என்று கொண்டு, வித்தியாசம் சுழியம் என்று முடிவு செய்துவிடும். `date` கட்டளை யூ.டி.சி. நேரத்தைக் காட்டி, பக்கத்தில் `Asia` என்று எழுதும். அப்படித் தெரிந்தால் `tzdata` நிறுவப்படவில்லை என்று பொருள். `DEBIAN_FRONTEND` வரி எதற்கென்றால், `tzdata` நிறுவும்போது ‘எந்தப் பகுதி?’ என்று கேட்டு, பதிலுக்காக இமேஜ் கட்டும் பணியை நிறுத்திவைக்கக்கூடும்.

அந்தப் பொதிக்குள் ‘5:30’ என்ற ஓர் எண் மட்டும் இருப்பதாக நினைத்தால் தவறு. ஒவ்வோர் ஊரின் கடிகார வரலாறும் அதில் பதிவாகியிருக்கிறது. `Asia/Kolkata` கோப்பில் 1906க்கு முந்தைய பகுதியில் சென்னை வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்ட ‘மெட்ராஸ் நேரம்’ இருக்கிறது. வித்தியாசம் 5 மணி 21 நிமிடம் 10 வினாடி. 1906 ஜனவரி 1 முதல்தான் ஐந்தரை மணி நேரம் தொடங்குகிறது. இலங்கையின் `Asia/Colombo` இன்னும் அண்மைக் காலத்தில் மாறியது: 1996இல் ஆறரை மணி நேரம், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணி நேரம், 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை. அரசுகள் நேரத்தை மாற்றும் என்பதால்தான், எண்ணை எழுதாமல் ஊரின் பெயரை எழுதுகிறோம்.

தாய்க் கணினியின் கோப்பையே உள்ளே காட்டுவது இன்னொரு வழி: `-v /etc/localtime:/etc/localtime:ro`. தாய்க் கணினி இந்திய நேரத்தில் இருந்தால் இது வேலை செய்யும். ஆனால் வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூ.டி.சி.யில்தான் இருக்கும், மும்பையில் உள்ள தரவு மையமானாலும் அப்படியே. அங்கே இந்த வழி, யூ.டி.சி.க்குப் பதிலாக இன்னொரு யூ.டி.சி.யைக் கொண்டுவந்து வைக்கும். இமேஜ் எங்கே போனாலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் டாக்கரைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் நேரத்தை மட்டும் வெளியில் இருக்கும் கணினியைச் சார்ந்திருக்கச் செய்வது அந்த நோக்கத்துக்கே பொருந்தவில்லை.

கிரானை வெளியே வைத்து, தாய்க் கணினியிலிருந்தே வேலையைத் தொடங்குபவர்களும் உண்டு. அப்போது தொடங்கும் நேரம் தாய்க் கணினியுடையது. உள்ளே ஓடும் வேலையின் தேதி கன்டெய்னருடையது. குபெர்னெட்டிஸில் நேரம் குறித்து வேலை ஓட்டும் வசதிக்கு, 2023இல் வந்த 1.27 பதிப்பில் `timeZone` என்ற புலம் நிலைபெற்றது. அதுவும் தொடங்கும் நேரத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. உள்ளே இருக்கும் மண்டலத்தை இமேஜில்தான் அமைக்க வேண்டும்.

அமைத்து முடித்ததும் சோதிக்க வேண்டும். அதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. பலர் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி ஒரு வரி எழுதிப் பார்ப்பார்கள். `* * * * *` எந்த மண்டலத்திலும் ஒவ்வொரு நிமிடமும் ஓடும். தொடங்கும் நேரம் சரியா என்பதை அது சொல்லாது. கையில் உள்ள கடிகாரம் 11:40 காட்டினால், மூன்று நிமிடம் தள்ளி இப்படி எழுத வேண்டும்:

```
43 11 * * *   date >> /tmp/neram.txt
```

11:43க்குக் கோப்பு உருவானால், கிரானின் நேரம் சரி. கோப்பைத் திறந்து, உள்ளே 11:43 IST என்று இருந்தால் வேலையின் நேரமும் சரி. 6:13 UTC என்று இருந்தால், கிரானுக்கு மட்டும் மண்டலம் போயிருக்கிறது, வேலைக்குப் போகவில்லை. கோப்பு உருவாகவே இல்லையென்றால், கிரான் இன்னும் யூ.டி.சி.யில் இருக்கிறது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் நுழைந்து `/etc/localtime` கோப்பை மாற்றியிருந்தால், கிரானை நிறுத்தித் தொடங்க வேண்டும். மண்டலத்தை அது தொடக்கத்திலேயே படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. எல்லாம் சரியான பிறகும் `docker logs -t` காட்டும் நேரம் யூ.டி.சி.யாகவே இருக்கும். அந்த நேரத்தைப் பதிவது டாக்கர். அதற்கும் கன்டெய்னரின் மண்டலத்துக்கும் தொடர்பில்லை. கடைசியில் வரும் `Z` என்ற எழுத்து யூ.டி.சி.யைக் குறிப்பது. இதைப் பார்த்துவிட்டு, சரியாக இருப்பதை மறுபடி கலைத்தவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் யூ.டி.சி.யிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்ற கருத்துக்கும் வலுவான காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். 2025 மார்ச் 9 அன்று அங்கே அதிகாலை 2:00 ஆனதும் நேரம் 3:00க்குத் தாவியது. 2:30 என்ற நேரமே அன்று இல்லை. நவம்பர் 2 அன்று 1:30 இரண்டு முறை வந்தது. டெபியனின் கிரான் மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இத்தகைய மாற்றங்களைக் கவனித்து, தவறிய வேலையை உடனே ஓட்டும், ஒரே வேலையை இரண்டு முறை ஓட்டாமல் பார்த்துக்கொள்ளும். எல்லாக் கிரான் வகைகளும் இதைச் செய்யும் என்று எண்ணிவிட முடியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் கோடைக்கால நேரம் இல்லை. அதனால் உள்ளூர் மண்டலத்தில் ஓட்டுவதில் இந்த ஆபத்தும் இல்லை. பதிவுகளையும் தரவுத்தளத்தில் சேமிக்கும் நேரங்களையும் யூ.டி.சி.யில் வைப்பது நல்ல வழக்கம். ஆனால் ‘நேற்றைய விற்பனை’, ‘1ஆம் தேதி கணக்கு’ என்பவை கடையின் நாளைப் பற்றியவை. அந்த வேலைகளை ஓட்டும் கன்டெய்னர் கடையின் மண்டலத்தில் இருப்பதே பொருத்தம். மளிகைக் கடையின் மூன்று வரிகளையும் அப்போது ஓர் எண்கூட மாற்றாமல், முதலில் எழுதியபடியே விட்டுவிடலாம்.